டெஸ்ட் பாஸ் ஆச்சு, 1,850 ரேண்ட் போச்சு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பையனின் பிளேஸ்டேஷன் 5-இல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் ஆடும் ஆன்லைன் கேம் திறக்கவில்லை. சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று மட்டும் வந்தது. Test Internet Connection ஓட்டிப் பார்த்தோம். இன்டர்நெட், PlayStation Network, வேகம் எல்லாம் சரி.

மறுநாள் வந்த டெக்னீஷியன் அந்தத் திரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. "ரவுட்டர் பழசு அண்ணா, மாத்திடலாம்" என்று 1,850 ரேண்ட் வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்றை மாட்டினார். அதே செய்திதான் வந்தது. தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பை மாற்ற இன்னும் 300 கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அந்த டெஸ்ட் நம் வீட்டிலிருந்து இன்டர்நெட்டுக்கும் கன்சோல் கம்பெனியின் சர்வருக்கும் வழி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. கேம் கம்பெனியின் சர்வர் வேறு இடம். அதன் கதவை டெஸ்ட் தட்டுவதே இல்லை. அது பாஸ் ஆகி, மற்ற கேம்களும் ஓடினால், ரவுட்டரை மாற்றுவது கடைசி யோசனையாக இருக்கட்டும்.

என் அக்கா மகன் வந்து முதலில் கேமின் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பார்த்தான். பராமரிப்பு நேரத்தைப் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் போடுவார்கள். நமக்கு 2 மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அன்று பராமரிப்பு எதுவும் இல்லை. அப்புறம் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு கன்சோலை அதில் இணைத்தான். கேம் உடனே திறந்தது! சர்வர், கன்சோல், பையனின் கணக்கு மூன்றும் நன்றாக இருக்கின்றன, வீட்டு லைன் வழியாகப் போனால்தான் தடை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஹாட்ஸ்பாட்டிலும் திறக்காமல் போயிருந்தால் கோளாறு அந்த மூன்றில் ஒன்றில் இருக்கலாம் என்று தேடியிருப்போம்.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், ஃபைபர் கம்பெனி நம் ரவுட்டருக்குத் தரும் முகவரியான WAN IP 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை வரும் முகவரிகள் பல வீடுகளைச் சேர்த்து ஒரே பொது முகவரியில் வெளியே அனுப்பும் ஏற்பாட்டுக்கானவை. அதில் யாரோ ஒருவர் ஏமாற்றி ஆடி, கேம் கம்பெனி அந்த முகவரியைத் தடுத்தால் எல்லா வீட்டுக்கும் அடி. ரவுட்டரை மாற்றினாலும் டிஎன்எஸ் மாற்றினாலும் வெளியே தெரியும் முகவரி மாறாது.

ஃபைபர் கம்பெனிக்குப் போன் செய்து, தனிப் பொது முகவரி தரச் சொன்னோம். மாதாமாதம் கொஞ்சம் கூடுதல் கட்டணம்தான், ஆனால் அன்று ராத்திரியே கேம் திறந்தது. கேமின் உதவிப் பிரிவுக்கும் பழைய பொது முகவரியைக் குறிப்பிட்டு எழுதினோம், பதில் இன்னும் வரவில்லை.

டெக்னீஷியனிடம் ரவுட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பெட்டியைப் பிரித்தாச்சாம், எடுக்க மாட்டாராம்.