தமிழ் (இந்தியா), இலங்கை, சிங்கப்பூர், மலேசியா: மொரீசியஸ் கைபேசிக்கு எந்தத் தமிழ்?

கைபேசியின் திரைமொழியைத் தமிழாக்க முனைகிறவரிடம் ஆண்ட்ராய்டு ஒரு துணைக்கேள்வி கேட்கிறது. `Settings` → `System` → `Languages` என்று சென்று, மொழி சேர்க்கும் பட்டியலில் தமிழைத் தொட்டவுடன், இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு நாடுகள் விரிகின்றன. எங்கள் நாடான மொரீசியஸ் அதில் இல்லை. பெரும்பாலோர் முதலில் கண்ணில் படும் இந்தியாவைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான்கிலும் திரைச் சொற்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், வேறுபாடு எதுவும் இல்லை என்றே தோன்றும். ஆனால் நாட்டின் பெயர் முடிவு செய்வது சொற்களை அன்று. காற்புள்ளி விழும் இடத்தையும் கடிகாரத்தையும் வாரத்தின் முதல் நாளையும்தான்.

எங்கள் பெரியப்பா ரோஸ் ஹில் பக்கத்தில் ஒரு கோயிலின் கணக்கைப் பார்த்துக்கொள்கிறவர். காவடித் திருவிழாவுக்கு முந்தைய வாரம் அவருடைய கைபேசியை இந்தியத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தவன் நான்தான். மறுநாளே அழைத்தார். "தம்பி, வந்த நன்கொடை எல்லாம் பத்து மடங்கு ஆயிடுச்சா, இல்ல எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா?" என்றார். அவர் செலவு குறித்து வைக்கும் செயலி, 125,000 ரூபாயை 1,25,000 என்று காட்டியிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் மும்மூன்று இலக்கமாகப் பிரித்தே படித்த கண், ஒன்றுக்கு அடுத்து ஒரு காற்புள்ளியையும் கடைசியில் இன்னொன்றையும் கண்டதும் அதை மில்லியன் என்று எடுத்துக்கொண்டது. இலக்கங்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் ஒரு சைபர் குறைவதைக் கண்டுபிடித்திருக்கிறார். செயலியில் பிழை ஏதும் இல்லை. இந்தியத் தமிழில் எண்கள் லட்சக் கணக்கில் பிரிக்கப்படுவதுதான் முறை; எங்கள் தீவில் லட்சம் என்ற அலகில் யாரும் பேரம் பேசுவதில்லை.

ஆகவே காற்புள்ளியை வைத்தே நான்கையும் அலசுவது பொருந்தும். இந்தியாவும் இலங்கையும் லட்சப் பிரிப்பு. மலேசியாவும் சிங்கப்பூரும் மும்மூன்றுப் பிரிப்பு. கணினி உலாவியின் கன்சோலில் இதைச் சோதித்துப் பார்க்கலாம்:

```
new Intl.NumberFormat("ta-IN").format(1250000)
// 12,50,000
new Intl.NumberFormat("ta-MY").format(1250000)
// 1,250,000
```

இலங்கைத் தமிழின் மீது எனக்கு முதலில் ஒரு சாய்வு இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் கடிகாரம் இயல்பிலேயே 24 மணி நேர முறையில் ஓடுகிறது. 14h30 என்று எழுதிப் பழகிய பிரெஞ்சு வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கைவந்த ஒன்று. வாரமும் இங்குள்ள வழக்கப்படி திங்களில் தொடங்குகிறது. நாட்டின் நாணயத்தைச் செயலி தானாக எடுத்துக்கொள்ளும் இடங்களில் ₹ குறிக்குப் பதிலாக `Rs.` வருவது பார்வைக்கும் பழக்கமானது. இத்தனை இருந்தும் அதை நான் ஒதுக்கியதற்குக் காரணம் ஒன்றே. கடிகாரத்தைத் தனியாக மாற்றிக்கொள்ள முடியும்: தேதி, நேரம் என்ற பக்கத்தில் நாட்டு வழக்கத்தைப் பின்பற்றும் பொத்தானை அணைத்து, 24 மணி நேரப் பொத்தானைப் போட்டால் போதும். வாரத்தின் முதல் நாளையும் ஆண்ட்ராய்டு 14 முதல் `Regional preferences` என்ற பக்கத்தில் மாற்றலாம். காற்புள்ளிக்கு மட்டும் அப்படியொரு பொத்தான் கிடையாது. மாற்ற முடியாத ஒன்றை வைத்துத்தான் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றக்கூடியவற்றைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பெரிய போட்டி இல்லை. சிங்கப்பூரில் வாரம் ஞாயிறில் தொடங்குகிறது, மலேசியாவில் திங்களில். மொரீசியஸ் நாட்காட்டியோடு மலேசியா ஒத்துப்போவதால் அதுவே என் தேர்வு. இரண்டிலும் நாணயக் குறி நமக்கு அந்நியந்தான்: ஒன்றில் RM, மற்றதில் டாலர். ஆனால் ஒழுங்காக எழுதப்பட்ட செயலி நாணயத்தைக் கைபேசியின் மொழியிலிருந்து எடுப்பதில்லை. எடுக்கும் செயலியைக் கண்டால் அதன் தொகைகளையே கொஞ்சம் ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

நேரத்தைப் பற்றி இன்னொரு சொல். 12 மணி முறையில் தமிழ்த் திரை இரவு எட்டு மணியை, பதிப்பைப் பொறுத்து, "பிற்பகல் 8:00" என்றோ PM என்று சேர்த்தோ காட்டும். இரவுச் சாப்பாட்டு வேளையைப் பிற்பகல் என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. நள்ளிரவு "முற்பகல் 12:00" ஆகும்போது அலாரம் வைப்பவர் நிச்சயம் தடுமாறுவார். எனவே மலேசியத் தமிழைத் தேர்ந்தெடுத்தவுடன் 24 மணி நேரப் பொத்தானைப் போடுவதை இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

தேதியில் நான்குக்கும் பிணக்கு இல்லை. நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையே எல்லாவற்றிலும் வருகிறது, அதுவே இங்கும் வழக்கம். அமெரிக்க ஆங்கிலத்தில் விடப்பட்ட கைபேசியிலிருந்து மாறுகிறவருக்கு மட்டும் மாதமும் நாளும் இடம் மாறும். தை, மாசி எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள்: திரையில் வருவது ஜனவரி, பிப்ரவரிதான். தமிழ் எண்களும் தாமாக வருவதில்லை. எங்கள் ரூபாய் நோட்டுகளில் தமிழ் எண்கள் அச்சாகின்றன. 1998இல் புதிய நோட்டுகளில் தமிழின் வரிசை பின்னுக்குப் போனதற்கு எதிர்ப்பு எழுந்து அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் கைபேசியின் தமிழ், 0 முதல் 9 வரையுள்ள எண்களையே இயல்பாகக் கொள்கிறது.

ஐபோனில் கேள்வியே வேறு. அங்கு மொழியும் வட்டாரமும் தனித்தனி வரிகள். மொழியைத் தமிழாகவும் வட்டாரத்தை மொரீசியஸாகவும் வைக்கலாம். எனினும் தமிழுக்கென்று மொரீசியஸ் வடிவம் யாரும் வரையறுக்காததால், அது பொதுத் தமிழுக்குத் திரும்பி லட்சப் பிரிப்பைக் கொண்டுவரக்கூடும். அதே பக்கத்தில் எண் வடிவம், தேதி வடிவம், வாரத்தின் முதல் நாள் ஆகியவற்றுக்கு வரிகள் உண்டு. அடியில் தெரியும் மாதிரித் தொகையைப் பார்த்த பின்பே வெளியே வர வேண்டும்.

சில நிறுவனக் கைபேசிகளில் தமிழுக்கு இந்தியா மட்டுமே தரப்பட்டிருக்கலாம். அப்போது ஆண்ட்ராய்டு 13 முதல் உள்ள `App languages` பக்கம் கைகொடுக்கும்: கைபேசி தமிழில் இருக்க, பணம் காட்டும் செயலியை மட்டும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வைத்துக்கொள்ளலாம், அந்தச் செயலி அதற்கு இடமளித்தால். மொழிப் பட்டியலில் தமிழுக்கு அடுத்ததாக அதே ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ வைப்பதும் தேவை, ஏனெனில் தமிழ் இல்லாத செயலிகள் அந்த இரண்டாவது மொழியைத்தான் தேடும்.

பெரியப்பாவின் கைபேசி இப்போது மலேசியத் தமிழில், 24 மணிக் கடிகாரத்தோடு, பிரெஞ்சை இரண்டாவதாகக் கொண்டு இருக்கிறது. 125,000 அவருக்கு 125,000 ஆகவே தெரிகிறது. காவடி முடிந்து கணக்கு எழுதிய அன்று அழைத்து, "இந்தக் கமா எங்க இருக்கணுமோ அங்க இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.