வீட்டுப் பார்வைத் திட்ட விரிதாள்: மூன்று மழைக்காலங்களுக்குப் பிறகு

மலையடிவாரத் துணை சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகிப் போன தோழி போனில் கேட்டார்: "அக்கா, நீங்கள் வீட்டுப் பார்வைக்குப் போட்டு வைத்திருக்கிற விரிதாளை எனக்கும் அனுப்புங்களேன். அது உண்மையிலேயே உதவுகிறதா?" உதவுகிறது என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கிராம சுகாதாரச் செவிலியரின் வேலை என்ன, பதிவேடுகள் எத்தனை என்பதெல்லாம் படிப்பவர்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

விரிதாளின் வேலை எளிமையானது. ஒரு வரிக்கு ஒரு வீடு. A-யில் எந்தப் பகுதி, B-யில் யார் வீடு, C-யில் அங்கே எத்தனை நிமிடம் ஆகும், D-யில் எத்தனை மணிக்கு முன்னால் போய்ப் பயனில்லை என்ற நான்கையும் நான் எழுதுகிறேன். E, F, G கட்டங்களில் பயண நேரம், போய்ச் சேரும் நேரம், கிளம்பும் நேரம் மூன்றையும் அது கணக்கிடுகிறது. இரண்டாம் வரியில் A-யில் துணை நிலையத்தின் பெயரும் G-யில் கிளம்பும் நேரமும் இருக்கும். மூன்றாம் வரியிலிருந்து சூத்திரங்கள்:

```
E3: =IF(A3=A2, 4, INDEX(pairs!$B$2:$I$9, MATCH(A2, pairs!$A$2:$A$9, 0), MATCH(A3, pairs!$B$1:$I$1, 0)))
F3: =MAX(D3, G2+E3/1440)
G3: =F3+C3/1440
```

ஒரு நாளுக்கு 1440 நிமிடம் என்பதால்தான் அந்த வகுத்தல். ஒரே பகுதிக்குள் வீடு மாறினால் 4 நிமிடம் என்று வைத்திருக்கிறேன். வண்டியை நிறுத்தி, பையை எடுத்து, சந்துக்குள் நடந்து போக அவ்வளவு ஆகும்.

pairs என்ற தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் 'பயணம் 15 நிமிடம்' என்று எழுதிவிடுகிறார்கள். எங்கிருந்து 15 நிமிடம்? பயண நேரம் ஒரு வீட்டுக்குச் சொந்தமானதல்ல, இரண்டு இடங்களுக்கு நடுவில் இருப்பது. வரிசையை மாற்றியதும் அந்த 15 பொய்யாகிவிடும், தாளோ அதை உண்மை போலவே கூட்டிக்கொண்டிருக்கும். அதனால் இடங்களை இரண்டிரண்டாக எடுத்து நேரம் எழுதிய தனித்தாள் வேண்டும். எல்லா வீடுகளுக்கும் அப்படி எழுத யாராலும் முடியாது, தேவையும் இல்லை. துணை நிலையத்தையும் சேர்த்து என் பகுதியை எட்டு இடங்களாகப் பிரித்தேன். அதற்கு 28 இணைகள்தான், ஒவ்வொன்றையும் போகும் திசைக்கும் வரும் திசைக்குமாகத் தாளில் இரண்டு கட்டங்களில் எழுத வேண்டும். ஒரு சுற்று வேலையில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே பெரும்பாலானவற்றை நிரப்பிவிடலாம். போனில் உள்ள வரைபடம் சொல்லும் நேரத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை. அது தார்ச்சாலை முடியும் இடத்தோடு நின்றுவிடுகிறது. எங்கள் மேட்டுக்காட்டில் அதற்கு அப்பால்தான் வீடுகள் தொடங்குகின்றன.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். இந்த விரிதாளில் ஒரு வரியை விரலால் பிடித்து இழுத்து மேலே வைத்தால் திட்டம் முழுவதும் கலங்கிவிடுகிறது. கலங்கியது கண்ணுக்கும் தெரிவதில்லை. நகர்த்தப்பட்ட வரியின் சூத்திரம், புதிதாகத் தனக்கு மேலே வந்த வரியைப் பார்ப்பதில்லை. முன்பு மேலே இருந்த வரியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்ற வரிகளும் அப்படியே. பிழை என்று சிவப்பில் எதுவும் வராது. ஒழுங்கான நேரங்கள், ஒழுங்கான கட்டங்கள், எல்லாம் தப்பு. ஒரு நாள் வேலையில் நாம் அதிகமாகச் செய்வதே வரிசையை மாற்றுவதுதான். அந்த ஒரே காரியத்துக்கு இந்தக் கருவி லாயக்கில்லை என்றால் என்ன சொல்வது? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. போய்ச் சேரும் நேரம் மேலிருந்து கீழே ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்காவது இறங்கினால், அல்லது ஒரே நேரம் இரண்டு வீட்டுக்கு வந்தால், சூத்திரம் கலங்கியிருக்கிறது. தவிர்ப்பதற்கும் வழி உண்டு. வரியை இழுக்கவும் கூடாது, வெட்டி ஒட்டவும் கூடாது. முதல் நான்கு கட்டங்களை மட்டும் நகலெடுத்து வேண்டிய வரியில் ஒட்ட வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து, சின்னப் போன் திரையில், வியர்வைக் கையோடு இதைச் செய்து பார்த்தவர்களுக்கே அந்த எரிச்சல் புரியும். மூன்று மழைக்காலங்கள் ஆகியும் எனக்கு இது பழகவில்லை.

ஆனால் இதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கித் தூரம் போவது என்ற பழைய வழக்கத்தை என்னிடமிருந்து பிடுங்கியது இந்தத் தாள்தான். ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். ஐந்து வீடுகள். ஏரிக்கரையில் காசநோய்க்கு மருந்து தொடங்கி ஒரு வாரமே ஆன ஒருவர், 15 நிமிடம். அதே ஏரிக்கரையில் இரத்த அழுத்தம் ஏறியிருக்கும் ஏழு மாதக் கர்ப்பிணி, 25 நிமிடம். காலனியில் சர்க்கரையும் அழுத்தமும் உள்ள ஒரு அம்மா, 20 நிமிடம். மேட்டுக்காட்டில் பிறந்து மூன்றாம் நாளான குழந்தை, 45 நிமிடம். புதூரில் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணைக்கு வராத குழந்தையின் வீட்டில் பேச்சு, 15 நிமிடம்.

பக்கத்திலிருந்து தூரம் என்ற கணக்கில் ஏரிக்கரை, காலனி, மேட்டுக்காடு, புதூர், பிறகு திரும்புதல். பயணம் 6, 4, 5, 14, 10, 16, ஆக 55 நிமிடம். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் காலனிக்கு 9:55-க்குப் போய்ச் சேருவோம். களையெடுக்கப் போகிற அந்த அம்மா எட்டரைக்கே கிளம்பிவிடுவார், இரண்டு மணிக்கு மேல்தான் திரும்புவார். கதவு பூட்டியிருக்கும். அவருக்காக மதியம் மறுபடி காலனிக்குப் போய்வர 16 நிமிடம். மொத்தம் 71. இதைவிடப் பெரிய குறை, காசநோயாளியின் வீட்டுக்குப் போய்வந்த பிறகு மூன்று நாள் குழந்தையைத் தூக்குவது. பச்சிளங்குழந்தைதான் அன்றைய முதல் வீடாக இருக்க வேண்டும், மருந்து தொடங்கிய புதிதில் காசநோயாளி கடைசியாக. இந்த விதி தூரத்தைவிட முக்கியமானது.

அதனால் தாளில் மேட்டுக்காட்டை முதலில் வைத்தேன். 9 மணிக்குக் கிளம்பினால் 9:18-க்கு அங்கே, 10:03 வரை. 10 நிமிடத்தில் புதூர், 10:13 முதல் 10:28 வரை. 12 நிமிடத்தில் ஏரிக்கரை. கர்ப்பிணி 10:40 முதல் 11:05 வரை, அடுத்த சந்தில் காசநோயாளி 11:09 முதல் 11:24 வரை. 11:30-க்குத் துணை நிலையம். காலனி வரியில் 'இரண்டு மணிக்கு முன் வேண்டாம்' என்று எழுதியிருப்பதால் தாள் அந்த வீட்டை 2:00-க்குத் தள்ளிவிடுகிறது. அந்த MAX செய்கிற வேலை இதுதான். மொத்தப் பயணம் 66 நிமிடம். தூரத்தில் இருப்பதை முதலில் வைத்தும் பயணம் ஐந்து நிமிடம் குறைந்தது. பதினொன்றரைக்கு மேல் பதிவேடு எழுதவும் சாப்பிடவும் நேரம் கிடைக்கிறது. பூட்டிய கதவுகளுக்கும், வழியில் நிறுத்திப் பேசுகிறவர்களுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும், ஆகவே அந்த இடைவெளியில் இன்னொரு வீட்டை நான் நுழைப்பதில்லை.

வீட்டில் ஆகும் நேரத்தில்தான் பலரும் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்க ஐந்து நிமிடம் என்று எழுதுவார்கள். நோயாளி உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகுதான் பட்டையையே கட்ட வேண்டும். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். இப்போதுதான் காப்பி குடித்தேன் என்றால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். மாத்திரைப் பட்டையை எண்ணி, எது நின்றுபோயிருக்கிறது என்று விசாரித்தால் 20 நிமிடத்துக்குக் குறையாது. மூன்றாம் நாள் குழந்தைக்கு எழுதியிருக்கும் 45-ம் அப்படித்தான். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் திரும்பவும் எண்ண வேண்டும். அக்குளில் வெப்பம், எடை, தொப்புள். பால் குடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அது குழந்தைக்குப் பசிக்கும் நேரத்தில்தான் நடக்கும். பிறகு தாயின் இரத்தப்போக்கும் காய்ச்சலும். மருத்துவமனைப் பிரசவமானால் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுப் பார்வை என்பதால், பிறந்த தேதியைப் போட்டவுடன் ஆறு வரிகளையும் முன்கூட்டியே எழுதிவிடலாம். சிசேரியன் என்றால் மூன்றாம் நாள் தாய் மருத்துவமனையில்தான் இருப்பார். தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டுக்குப் போயிருப்பார். முந்தைய நாள் ஒரு போன் செய்து கேட்காமல் அந்த வரியை நம்பி 18 நிமிடம் வண்டி ஓட்டக் கூடாது.

திட்டமிட்ட நேரத்துக்குப் பக்கத்தில் உண்மையில் கிளம்பிய நேரத்தையும் எழுதி வந்ததுதான் நான் எதிர்பாராத பலன். பயண நேரம் அதிகம் பிசகுவதில்லை என்று அதில் தெரிந்தது. பிசகியதெல்லாம் கர்ப்பிணிகளின் முதல் பார்வையிலும் தடுப்பூசி மறுப்பவர்களின் வீட்டிலும்தான். அந்த இரண்டு வகைக்கும் சராசரியைப் போடாமல், நீண்டுபோன நாட்களின் நேரத்தைப் போட்டுவைத்தேன். அதன் பிறகு மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத் தள்ளிப்போவது பெரும்பாலும் நின்றது. ஆனால் மேலே போகும் அறிக்கையில் கேட்பது வீடுகளின் எண்ணிக்கையை மட்டும்தான். 45 நிமிட வீடும் 15 நிமிட வீடும் அங்கே ஒன்றே. அந்தக் கட்டத்தை நிரப்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வருகிறது.

தோழிக்கு என் முடிவு: என் விரிதாளை நான் அனுப்பப் போவதில்லை. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனால் அந்த இழுக்கும் தொல்லை முதல் வாரத்திலேயே உங்களைத் தவறான வீட்டுக்குத் தவறான நேரத்தில் அனுப்பும், அதுவும் மலைச்சாலையில். pairs தாளை மட்டும் உங்கள் ஊர்களுக்கு நீங்களே ஒரு காகிதத்தில் போடுங்கள், மழைக்காலத்துக்கு இன்னொன்றும் சேர்த்து. ஓடையில் தண்ணீர் வந்தால் சில இணைகளின் நேரம் இரண்டு மடங்காகும், சில வழிகளே இருக்காது. முதல் வீடு எது, கடைசி வீடு எது, எந்த வீட்டுக்கு மதியத்துக்கு மேல்தான் போக வேண்டும் என்று முந்தின நாள் மாலையே குறித்துக்கொண்டு, பென்சிலால் நேரத்தைக் கூட்டுங்கள். ஐந்தாறு வீடுகளுக்கு அது போதும். ஒரு நாளைக்குப் பத்து வீடுகள் ஆகும் நிலை வந்தால் அப்போது கேளுங்கள், சூத்திரத்தோடு அனுப்புகிறேன்.