வெளிநாட்டுப் படிவத்தில் கைப்பேசி எண்ணைப் பதிவோர் கவனத்திற்கு

அமெரிக்காவிலிருந்து இயங்கும் ஒரு தேர்வு நிறுவனத்தின் இணையதளம், கட்டணத்தை முதலில் வாங்கிக்கொண்டு கைப்பேசி எண்ணைப் பிறகு சரிபார்க்கிறது. நாட்டுப் பட்டியலில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, +91 வந்ததைப் பார்த்த பிறகே என் எண்ணை இட்டேன். முகவரியில் ஒரு கட்டம் நிரம்பவில்லை என்று படிவம் திரும்பி வந்தபோது, எண் அப்படியே இருக்க, நாட்டுக் குறியீடு மட்டும் பட்டியலின் தலைப்பில் உள்ள +1 ஆகிவிட்டது. அதன்பின் எத்தனை முறை கேட்டும் சரிபார்ப்பு அழைப்பு வரவில்லை; திரையோ அழைப்பு சென்று சேர்ந்துவிட்டதாகவே சொன்னது.

நம் எண்ணைப் போலவே அமெரிக்க எண்ணுக்கும் குறியீடு நீங்கலாகப் பத்து இலக்கங்கள்தாம் என்பதால், இலக்கங்களை எண்ணிப் பார்க்கும் படிவத்துக்கு இதில் பிழை தெரியாது. அங்கே நான்காவது இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்க முடியாது. ஆகவே 98401 என்று தொடங்கும் எண்ணைக் கவனமாக எழுதப்பட்ட படிவம் தடுத்துவிடும். என் எண் 9842 என்று தொடங்குகிறது. 984 வட கரோலினா மாநிலத்தின் பகுதிக் குறியீடு. அனுப்பும் முன் திரையில் +1 (984) 2 என்று அடைப்புக்குறியோடு எண் தெரிந்தால், அது அமெரிக்க எண்ணாகவே எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது என்று பொருள். வாடிக்கையாளர் சேவைக்கு இதை விளக்கி எழுதினேன். அழைப்பு சேர்ந்துவிட்டது, கட்டணம் திரும்பாது என்ற ஆயத்தப் பதில்தான் கிடைத்தது.

படிவம் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் குறியீட்டை மறுபடி பாருங்கள். குறியீட்டுக்குத் தனிப் பட்டியல் இருந்தால் பத்து இலக்கங்களை மட்டும் இடுங்கள். ஒரே கட்டமாக இருந்தால் +91 சேர்த்து, முன்னால் 0 இன்றி எழுதுங்கள். இலங்கை நண்பர்கள் 077 என்பதை +94 77 என்று எழுத வேண்டும்.

அழைப்பு வந்தபின் நடப்பது தளத்துக்குத் தளம் வேறுபடும். சிலவற்றில் இயந்திரக் குரல் இலக்கங்களைச் சொல்லும், நாம் படிவத்தில் இட வேண்டும்; வேறு சிலவற்றில் திரையில் தெரியும் இலக்கங்களைக் கைப்பேசியின் விசைப்பலகையில் அழுத்த வேண்டும். முதலில் 1 ஐ அழுத்தச் சொல்லும் குரல்களும் உண்டு. எதையும் அழுத்தாமல் காத்திருந்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். இவை எல்லாம் நாமே அப்போது கேட்டுப் பெற்ற அழைப்புக்கு மட்டும் பொருந்தும். நாம் எதையும் கேட்காத நேரத்தில் ஒரு குரல் அழைத்து, உங்கள் கணக்கில் யாரோ நுழைகிறார்கள், தடுக்க வேண்டுமானால் குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கங்களை அழுத்துங்கள் என்றால், நுழைய முயல்வது அந்த அழைப்பை அனுப்பியவர்தான். அந்த இலக்கங்கள் அவருக்குத்தான் தேவை. எதையும் அழுத்தாமல் உடனே துண்டித்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றுங்கள்.