கிளிக் ரெஞ்சா, முள் ரெஞ்சா? வீட்டு டூல் பெட்டிக்கு ஒரு டார்க் ரெஞ்ச்

பைக்கை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள 8, 10, 12, 14, 17 அளவு சாக்கெட்டுகள், ஒரு ராட்செட், ஆலன் கீ செட், நல்ல ஸ்குரூ டிரைவர் இரண்டு போதும். இதில் யாருக்கும் பெரிய குழப்பம் வராது. அப்புறம், போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வாங்கும்போதுதான் கை தயங்கும். சொன்ன அளவு வந்ததும் ‘டக்’ என்று விடும் கிளிக் வகையா, வளையும் தண்டின் மேல் முள் நகர்ந்து அளவு காட்டும் பழைய வகையா?

நான் முதலில் வாங்கியது கிளிக் வகை. 20 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை. ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற கணக்கு. ஆயில் மாற்றிவிட்டு, டிரெயின் போல்ட்டுக்கு மேனுவலில் போட்டிருந்த 25-ஐ வைத்து இறுக்கினேன். கிளிக்குக்குக் காத்துக்கொண்டே இழுத்தேன். சத்தம் வரவில்லை. திடீரென்று கையில் கனம் குறைந்து போல்ட் வழவழவென்று சுற்றியது. அலுமினிய இன்ஜினில் மரை போய்விட்டது. (மரை கழன்றது எனக்கா இன்ஜினுக்கா என்று வீட்டில் கேட்டார்கள்.)

பிறகு ரெஞ்சைச் சோதித்தேன். அதன் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடியைக் கிடைமட்டமாக நிறுத்தி, முனையின் நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் சுமார் 24.5 நியூட்டன் மீட்டர் வரும். ரெஞ்சின் சொந்த எடையால் இன்னும் கொஞ்சம் கூடும். என் ரெஞ்சை 24.5-இல் வைத்துத் தொங்கவிட்டேன், விடவில்லை. எடையை 31 செ.மீ. வரை நகர்த்தியபோதுதான், அதுவும் காதைத் தீட்டிக் கேட்டால் தெரிகிற அளவுக்கு, ஒரு ‘டிக்’. கிளிக் ரெஞ்சை அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பக் கூடாது என்பார்கள். 200 ரெஞ்சுக்கு அது 40. அதற்கும் கீழே 25-ஐக் கேட்டது என் தப்பு.

சரி, சின்ன கிளிக் ரெஞ்ச் வாங்கியிருந்தால்? அந்தப் பிரச்சினை தீரும். ஆனாலும் நான் முள் வகைக்கு மாறியதற்குக் காரணம் பராமரிப்பு. கிளிக்குக்குள் இருப்பது ஒரு ஸ்பிரிங். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும். மறந்து இறுக்கத்திலேயே பல மாதம் விட்டால் ஸ்பிரிங் தளர்ந்து, அளவு வருமுன்னே கிளிக் செய்யும். போல்ட் முழுதாக இறுகாது. சும்மா கிடந்தால் உள்ளே கிரீஸ் கெட்டியாகித் தாமதமாக விடும். அதனால் முதலில் நாலைந்து தடவை சும்மா கிளிக் செய்துவிட்டே போல்ட்டில் வைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை, அல்லது 5000 இறுக்கலுக்கொரு முறை, சரிபார்க்கவும் அனுப்ப வேண்டும். வருடத்துக்கு நாலு தடவை பெட்டியைத் திறக்கும் ஆளுக்கு இதெல்லாம் நினைவிருக்குமா? எனக்கு இருக்காது. இதைவிட மோசம், கிளிக் ரெஞ்ச் பிசகியிருந்தால் பார்த்த பார்வையில் தெரியாது.

முள் ரெஞ்சில் ஸ்பிரிங்கே கிடையாது. தண்டு எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுதான் கணக்கு. கீழே விழுந்து முள் கோணினால், சும்மா இருக்கும்போதே பூஜ்யத்தில் நிற்காது. முள்ளை விரலால் வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. இறுக்கும்போது கைப்பிடி, அதைத் தண்டோடு சேர்க்கும் பின்னின் மேல் ஆடியபடி இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து ஊன்றினால் அளவு மாறும். முள்ளுக்கு நேர் மேலே இருந்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு மூன்று நியூட்டன் மீட்டர் ஏமாற்றிவிடும்.

குறையும் உண்டு. பைக்குக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து ஸ்கேலைப் படிப்பது எரிச்சல். பின்சக்கர ஆக்ஸில் நட்டுக்கு நான் இன்னும் அந்தப் பெரிய கிளிக்கைத்தான் எடுக்கிறேன். என் பைக்கில் 90 கேட்கிறது. அது அந்த ரெஞ்சுக்கு நடு அளவு. 20 கிலோவை 45 செ.மீ.-இல் தொங்கவிட்டுப் பார்த்தேன், 88-க்குச் சரியாக விட்டது. டிஜிட்டல் ரெஞ்சை ஒரே ஒரு தடவை நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எந்த ரெஞ்சானாலும் மேனுவல் சொல்லாமல் மரையில் எண்ணெய் தடவாதீர்கள். உராய்வு குறைந்து, அதே 25-இல் போல்ட் கூடுதலாக இழுபடும். டிரெயின் போல்ட்டை எண்ணெய் சொட்டச் சொட்ட மாட்டாமல் துடைத்து, புது வாஷர் போட்டு, கையாலேயே கடைசி வரை சுற்றிய பிறகுதான் இப்போது நான் ரெஞ்சைத் தொடுகிறேன்.