பண்டிகை மெசேஜ் தமிழ் எழுத்துலயா, இங்கிலீஷ் எழுத்துலயா? 70-க்கும் 160-க்கும் நடுவுல ஒரு கணக்கு

பண்டிகை நெருங்கினா கடைக்காரங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்புனா செலவு டபுள் ஆகுதாமே, பேசாம தங்கிலீஷ்லயே அடிச்சு விட்டுடலாமா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ஒரு தடவை உக்காந்து எழுத்து எழுத்தா எண்ணிப் பாத்தப்புறம்தான், அந்த நம்பிக்கை பாதி மெசேஜுக்குப் பொருந்தவே இல்லன்னு தெரிஞ்சுது.

முதல்ல அந்த 70, 160 எங்கருந்து வருதுன்னு பாத்துருவோம். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு உள்ள இருக்குற இடம் மொத்தம் 140 பைட், அதாவது 1120 பிட், அவ்வளவுதான். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் ஜிஎஸ்எம் 7-பிட் எழுத்து அட்டவணைக்குள்ள இருக்கு, அதனால ஒரு எழுத்துக்கு 7 பிட்தான் போகுது, 160 எழுத்து பிடிக்குது. தமிழ் அந்த அட்டவணைல இல்ல, அதனால மெசேஜ் யூசிஎஸ்-2 முறைக்கு மாறிடுது, அங்க ஒவ்வொண்ணுக்கும் 16 பிட், ஆக 70. இதைத் தாண்டுனா மெசேஜ் துண்டாகுது, ஒவ்வொரு துண்டுலயும் "நான் ரெண்டுல முதல் பாகம்"னு சொல்ற குறிப்புக்கு 6 பைட் போயிடுறதால துண்டுக்கு 153-ம் 67-ம்தான் மிஞ்சும். காசு துண்டுக் கணக்குல போகுது, அதான் எல்லாரும் பயப்படுறது. (தமிழை 7-பிட்லயே அனுப்ப தனி அட்டவணை ஒண்ணு தரநிலைல இருக்கத்தான் செய்யுது, ஆனா அனுப்புற பக்கமும் வாங்குற போனும் ரெண்டுமே அதைப் புரிஞ்சுக்கணும், அதனால அதை நம்பி பிளான் போடாதீங்க.)

இப்ப டெலிவரி மெசேஜை எடுத்துக்குவோம். ஒரே விஷயம், ரெண்டு எழுத்துல:

```
உங்க பண்டிகை ஆர்டர் 4821 இன்று மாலை 6க்குள் வரும். ஓடிபி 7390
Unga pandigai order 4821 indru maalai 6kkul varum. OTP 7390
```

தமிழ்ல எண்ணுனா 61. இங்கிலீஷ் எழுத்துல 59. வித்தியாசம் வெறும் ரெண்டு! தமிழ் நீளமா போகும்னு சொல்றது இங்க நிக்கல, ஏன்னா தமிழ்ல "க" ஒரே எழுத்து, அதையே அங்க "ka"ன்னு ரெண்டா அடிக்கணும், அந்தப் பக்கம் தமிழ்ல புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியா எண்ணிக்கைல சேருது, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுக்கொண்ணு ஈடாயிடுது. அப்ப தமிழுக்கு இருக்குற பிரச்சனை நீளம் இல்ல, அதுக்குக் குடுத்த பெட்டி சின்னது, அவ்வளவுதான். 61, 70-க்குள்ள அடங்கிடுச்சு, ஒரு துண்டுக் காசுதான். தங்கிலீஷுக்கும் அதே ஒரு துண்டுக் காசு. பின்ன எதுக்கு டெலிவரி மெசேஜை தங்கிலீஷ்ல அனுப்பணும்?

ஆனா மீதி 9 இடம்தான் இருக்குங்கறதை மறந்துடக் கூடாது. பேரைச் சேக்கலாம்னு ஆசை வரும். "கிருஷ்ணமூர்த்தி"ன்னு எழுதிப் பாருங்க, கண்ணுக்கு கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி, எட்டு எழுத்துதான். கணக்குல 15. கமாவும் இடைவெளியும் சேத்தா 17, மொத்தம் 78 ஆகி ரெண்டாவது துண்டுக்குப் போயிடுச்சு. இது பேர் சின்னதா இருக்குறவங்களுக்கு ஒரு துண்டாவும் நீளமா இருக்குறவங்களுக்கு ரெண்டாவும் போகும், பில்லு வந்தப்புறம்தான் ஏன்னு தேடுவோம். அதனால டெலிவரி மெசேஜ்ல பேர் வேண்டாம், ஆர்டர் நம்பரே போதும், அதுவும் இருக்குறதுலயே நீளமான நம்பரைப் போட்டு எண்ணிப் பாத்துட்டு அப்புறமா டெம்ப்ளேட்டை முடிவு பண்ணுங்க.

ஆஃபர் மெசேஜ் வேற கதை. அங்கதான் தமிழுக்கு உண்மையிலேயே இடம் பத்தாது:

```
பண்டிகை ஆஃபர்! எல்லா துணிக்கும் 30% தள்ளுபடி. 12 முதல் 18 வரை மட்டும். கடைக்கு வரும்போது இந்த மெசேஜை காட்டுங்க.
Pandigai offer! Ella thunikkum 30% thallupadi. 12 mudhal 18 varai mattum. Kadaikku varumbodhu indha message-ai kaattunga.
```

தமிழ் 111, தங்கிலீஷ் 121. பாத்தீங்களா, இங்க தமிழ்தான் சின்னது. ஆனாலும் தமிழ் ரெண்டு துண்டு, தங்கிலீஷ் ஒண்ணு. நேர்மையா சொல்லணும்னா இந்த மாதிரி மெசேஜை ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்புறப்ப தங்கிலீஷ் செலவு சரிபாதி, அதை மறுக்க முடியாது.

ஆனா அந்த பாதிச் செலவு ரொம்ப சுலபமா கை நழுவிடும். ஒரு கடைக்காக நான் எழுதிக் குடுத்த தங்கிலீஷ் மெசேஜ் சுத்தமா ஒரு துண்டுக்குள்ள இருந்துச்சு, அனுப்புறதுக்கு முன்னாடி யாரோ கடைசில ஒரு விளக்கு எமோஜி சேத்துட்டாங்க, அழகா இருக்கும்னு. எமோஜி 7-பிட் அட்டவணைல இல்ல, அதனால அந்த ஒரு படத்துக்காக மொத்த மெசேஜும் யூசிஎஸ்-2 ஆயிடுச்சு, எல்லாருக்கும் ரெண்டு துண்டு. ரூபாய் குறி ₹ போட்டாலும் இதே கதைதான், வேர்டுல இருந்து காப்பி பண்றப்ப ஒட்டிக்கிற வளைஞ்ச மேற்கோள் குறியும் அப்படித்தான், கண்ணுக்கு நேர் குறி மாதிரியே தெரியும், ஆனா கணக்கு மாறிடும். அதே மாதிரி கஸ்டமர் லிஸ்ட்ல சில பேரோட பேர் மட்டும் தமிழ்ல பதிவாகியிருந்தா, தங்கிலீஷ் டெம்ப்ளேட்டுக்குள்ள அந்தப் பேர் விழுந்ததும் அவங்களுக்கு மட்டும் 70 கணக்கு. இப்படி தங்கிலீஷ்ல ஒரே ஒரு தமிழ் வார்த்தையையோ எமோஜியையோ கலக்குறதுதான் இருக்குறதுலயே மோசமான வழி, தமிழுக்கான காசையும் குடுத்துட்டு தமிழ்ல படிக்கிற வசதியும் கிடைக்காம போயிடுது.

வாசிக்கிற விஷயத்துக்கு வருவோம், ஏன்னா காசை மிச்சம் பிடிச்சு அனுப்புன மெசேஜை யாரும் படிக்கலன்னா என்ன பிரயோஜனம். தங்கிலீஷுக்கு நிலையான எழுத்துமுறை கிடையாது. "pattu"ன்னு போட்டா ஒருத்தர் பட்டுன்னு படிப்பார், ஒருத்தர் பத்துன்னு படிப்பார், இன்னொருத்தர் பாட்டுன்னு படிப்பார். துணிக்கடை ஆஃபர்ல "pattu pudavai"ன்னு வந்தா பட்டுப் புடவையா பத்து புடவையான்னு ஒரு நொடி நின்னு யோசிக்க வைக்குது. "kadai" கடையா கதையா, "malai" மலையா மாலையா... பேச்சுல ஒரு குழப்பமும் இல்லாத வார்த்தைக்கெல்லாம் எழுத்துல குழப்பம். நட்புக்குள்ள சாட் பண்றப்ப இது ஓடிடும், ஏன்னா யார் பேசுறாங்க, எதைப் பத்தின்னு ரெண்டு பேருக்கும் தெரியும். கடைல இருந்து வர்ற மெசேஜுக்கு அந்த முன்கதை இல்ல, திரையை ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு போறவருக்கு அது சட்டுன்னு புரியணும்.

வயசானவங்க, இங்கிலீஷ் எழுத்தை கூட்டிக் கூட்டிப் படிக்கிறவங்க, இவங்களுக்கு தங்கிலீஷ் இன்னும் கஷ்டம். பார்வை இல்லாதவங்க போனை வாசிக்க விட்டு கேப்பாங்க, தமிழ் எழுத்துன்னா தமிழ்க் குரல் வாசிக்கும், "varumbodhu"ங்கறதை இங்கிலீஷ் குரல் எப்படி உச்சரிக்கும்னு நீங்களே ஒரு தடவை போட்டு கேட்டுப் பாருங்க, எனக்கு அதுல ஒரு வார்த்தை பிடிபடல. இன்னொண்ணு, மோசடி மெசேஜ் தப்புத்தப்பா அடிச்ச தங்கிலீஷ்லயும் வரலாம், அதனால ஓடிபி இருக்குற மெசேஜ் தங்கிலீஷ்ல வந்தா ஜனங்க சந்தேகப்படுறதுல தப்பே இல்ல.

செலவை விட்டுட்டா, தங்கிலீஷ் பக்கம் நிக்கிற ஒரே வலுவான காரணம் பழைய பட்டன் போன். தமிழ் எழுத்துரு இல்லாத போன்ல மெசேஜ் வெறும் கட்டம் கட்டமா வரும், ஒரு வார்த்தையும் தெரியாது. உங்க கஸ்டமர்ல அப்படிப்பட்டவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா அவங்களைத் தனி லிஸ்டா வச்சு தங்கிலீஷ்ல அனுப்புங்க, அவங்களுக்காக மத்த எல்லாரையும் தங்கிலீஷுக்கு இழுக்க வேண்டாம்.

சரி, ஆஃபரை தமிழ்லயே ஒரு துண்டுக்குள்ள அடக்க முடியுமா? முடியும், ஆனா வெட்டணும். மேல குடுத்த 111-ல "கடைக்கு வரும்போது" வரியை எடுத்துடுங்க, மீதி சரியா 70. துல்லியமா விளிம்புல நிக்குது, ஒரு இடைவெளி கூட சேந்தாலும் துண்டாயிடும், அது நல்லதில்ல. "மட்டும்"ஐயும் எடுத்தா 62:

```
பண்டிகை ஆஃபர்! எல்லா துணிக்கும் 30% தள்ளுபடி. 12 முதல் 18 வரை.
```

வார்த்தை தேர்வுலயும் நிறைய இருக்கு. டிஸ்கவுண்ட்னு எழுதுனா 11, தள்ளுபடின்னா 8. மெய்யெழுத்து வரிசையா வர்ற இங்கிலீஷ் வார்த்தையை தமிழ் எழுத்துல எழுதுறப்ப புள்ளி புள்ளியா எண்ணிக்கை ஏறுது. பேச்சு வழக்குல "வாங்கிக்கோங்க" 13, எழுத்து வழக்குல "வாங்கவும்" 9, இங்க மட்டும் நான் எழுத்து வழக்கு பக்கம் சாய்வேன்.

எண்றதுக்கு கண்ணை நம்பாதீங்க. சில டூல் யூடிஎஃப்-8 பைட்டை காட்டும், அதுல தமிழ் ஒண்ணுக்கு மூணா வரும், பாத்து பயந்துடாதீங்க, எஸ்எம்எஸ்ஸுக்கு அந்தக் கணக்கு கிடையாது. இன்னொரு ஒளிஞ்ச பொறி, "கொ"ங்கறதை சில பழைய சாப்ட்வேர் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியா சேமிக்கும், திரைல ஒரே மாதிரி தெரியும், எண்ணிக்கைல ஒண்ணு கூடிடும். அதை முதல்ல ஒண்ணாக்கிட்டு எண்ணணும், பைதான்ல இப்படி:

```
import unicodedata
s = "உங்க மெசேஜ்"
s = unicodedata.normalize("NFC", s)
print(len(s.encode("utf-16-be")) // 2)
```

ஒண்ணாக்கினதையே அனுப்புனா தமிழ் மெசேஜுக்கு இதுல வர்ற எண்தான் நிஜம், பெரும்பாலான எமோஜியையும் ரெண்டுன்னு சரியா எண்ணிடும்.

என் வழக்கம் இப்போ இதுதான்: டெலிவரி, ஓடிபி எல்லாம் தமிழ்ல, 65-ஐத் தாண்ட விடுறதில்ல. ஆஃபர் ஒரே விஷயம்னா தமிழ்ல ஒரு துண்டு. ரெண்டு மூணு நிபந்தனை இருக்குற ஆஃபர்னா ரெண்டு துண்டு தமிழ், அப்ப 134 வரைக்கும் இடம் இருக்கு, தாராளமா வரி பிரிச்சு தெளிவா எழுதலாம். அந்தச் செலவு முடியாதுன்னு சொல்றவங்களுக்கு மட்டும் தங்கிலீஷ், அதுவும் தேதியையும் சதவீதத்தையும் முதல் வரிக்கு கொண்டு வந்துட்டு, ₹-க்கு பதிலா Rs போட்டு, எமோஜி இல்லாம.