கூரியர் லைவ் சாட்டில் பதில் சொல்வது ஆளா, சாட்பாட்டா? நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

சிலாங்கூரில் உள்ள நம் ஊர், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் நம்மவர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களுக்கு வரும் பார்சல் எல்லாம் நேரே லயத்து வாசலுக்கு வந்துவிடுவதில்லை. வீட்டு எண் புரியாத டிரைவர் அதைத் தோட்ட ஆபீஸிலோ சாலையோரக் கடையிலோ வைத்துவிட்டு, ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று பதிந்துவிட்டுப் போய்விடுகிறார். அப்புறம் லைவ் சாட்தான் கதி. அந்தப் பக்கம் இருப்பது ஆள் என்றால் டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்க முடியும். சாட்பாட் என்றால் டிராக்கிங் பக்கத்தில் இருப்பதையே வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் யாரிடம் பேசுகிறோம் என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் நேரடியாகவே கேட்டுவிடுங்கள். பல நிறுவனங்களின் சாட்பாட் ‘நான் தானியங்கி உதவியாளர்’ என்று ஒப்புக்கொள்ளும். `ejen` அல்லது `live agent` என்று தட்டினால் சிலவற்றில் வரிசையில் நிற்க வைத்து ஆளிடம் கொடுத்துவிடும். பெண் பெயரும் சிரித்த படமும் போட்டுக்கொண்டு பிடி கொடுக்காமல் பேசும் ஜன்னல்களுக்குத்தான் கீழே உள்ளவை தேவைப்படும்.

எல்லாரும் முதலில் பார்ப்பது வேகத்தை. தனியாக எடுத்துக்கொண்டால் அது மோசமான சாட்சி. நிமிடத்துக்கு 40 சொல் தட்டுகிற ஒருவருக்கு 60 சொல் எழுத ஒன்றரை நிமிடம் ஆகும். எட்டே விநாடியில் 60 சொல் வந்தால் யாரும் அதைத் தட்டவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஆனால் ஆளும் அப்படி அனுப்பலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேரிடம் பேசும் ஊழியர்கள் தயார் வாசகங்களைக் கையில் வைத்திருப்பார்கள். இரண்டு எழுத்து தட்டினால் முழுப் பத்தியும் வந்து விழும். ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று தொடங்கும் முதல் பதிலை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

பார்க்க வேண்டியது பதிலின் நீளத்தோடு நேரம் எப்படி மாறுகிறது என்பதை. ஆம், இல்லை என்று முடிகிற கேள்வி ஒன்று, விளக்கிச் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆள் என்றால் முதலாவதற்குப் பத்து விநாடி, இரண்டாவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் என்று வித்தியாசம் தெரியும். நடுவில் ‘தட்டுகிறார்’ என்ற புள்ளிகள் நின்று நின்று வரும். சாட்பாட்டில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். வேண்டுமென்றே தாமதம் வைத்த சாட்பாட்டும் உண்டு. இந்த யோசனை புதிதல்ல: கணினித் துறை முன்னோடி ஆலன் டூரிங், இயந்திரம் ஆளைப் போல் பேச முடியுமா என்று 1950இல் எழுதிய கட்டுரையில் வரும் கற்பனை உரையாடலிலேயே, 34957உடன் 70764ஐக் கூட்டச் சொன்னதும் அந்தப் பக்கம் சுமார் 30 விநாடி பேசாமல் இருந்துவிட்டு 105621 என்கிறது. சரியான விடை 105721. தாமதம், தப்பு இரண்டையும் நடிக்க முடியும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் லைன். தோட்டத்துக்குள்ளே சிக்னல் விட்டு விட்டு வரும்போது பதில்கள் தேங்கி நின்று மூன்று நான்காகச் சேர்ந்து விழும். அந்த நேரத்தில் வேகத்தை அளப்பதில் அர்த்தமே இல்லை. டவுனுக்கு வந்தோ, வைஃபை இருக்கும் இடத்திலோ பாருங்கள்.

ஞாபகத்தை வைத்துப் பார்ப்பது இதைவிட நல்ல வழி. ஆனால் ‘மறந்தால் சாட்பாட்’ என்ற பழைய கணக்கு இன்று செல்லாது. எப்படிச் செய்வது என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். முதல் செய்தியில் டிராக்கிங் எண்ணோடு, எந்தப் படிவமும் கேட்காத ஒரு விவரத்தையும் சேர்த்துவிடுங்கள்: “ஆபீஸில் வைத்திருந்தால் சனிக்கிழமை 1 மணிக்குள் எடுக்க வேண்டும், அப்புறம் கிராணி பூட்டிவிடுவார்.” பிறகு முகவரி, பொருள், கைப்பேசி எண் என்று நான்கைந்து பரிமாற்றம் போகட்டும். அப்புறம் சாதாரணமாகக் கேளுங்கள்: “சனிக்கிழமை நான் எத்தனை மணிக்குள் போக வேண்டும்?”

குறிச்சொல் பார்த்துப் பதில் தரும் பழைய வகை சாட்பாட், ‘மணி’யைப் பிடித்துக்கொண்டு நிறுவனத்தின் வேலை நேரத்தை ஒப்பிக்கும். ஆனால் டிராக்கிங் எண்ணை மட்டும் ஓர் இலக்கம் பிசகாமல் வைத்திருக்கும், ஏனென்றால் அதற்கென்று அதனிடம் ஒரு கட்டம் இருக்கிறது. கிராணி பூட்டுவதற்குக் கட்டம் இல்லை. சாட்ஜிபிடி போலப் பெரிய மொழி மாதிரியில் இயங்கும் புதிய வகை ‘1 மணிக்குள்’ என்று சட்டென்று சொல்லிவிடும், கூடவே நீங்கள் முன்னே சொன்னதையெல்லாம் அழகாகத் தொகுத்தும் தரும். ஆள் பெரும்பாலும் இதற்கு நேரெதிர். எண்ணை மறுபடி கேட்பார், கிராணி விஷயம் நினைவிருக்கும். ‘நீங்கதானே ஒரு மணின்னு சொன்னீங்க?’ என்ற தொனியில் பதில் வரும்.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நடுவில் எல்லாமே மறந்து, முதலிலிருந்து பெயர் கேட்டால் அது சாட்பாட்டின் மறதியாக இருக்க வேண்டியதில்லை. உங்களை வேறு ஊழியரிடம் மாற்றியிருப்பார்கள், பழைய உரையாடல் அவர் திரையில் வந்திருக்காது. சற்று நேரம் தட்டாமல் விட்டு ஜன்னல் காலாவதியானாலும் இதே கதைதான். பெயர் மாறியிருக்கிறதா, ‘இணைந்தார்’ என்ற சிறு வரி மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஞாபகத்தால் பிரிக்க முடியாத புதிய வகைக்குத்தான் விநோதக் கேள்வி. கணக்கு, விடுகதை, ‘நாசி லெமாக் பிடிக்குமா’ எல்லாம் வீண். ஆள் அதற்குப் பதிலே சொல்லாமல் போகலாம், சாட்பாட் தேனாகச் சொல்லும். மலாயையும் தமிழையும் கலந்து தட்டுவதும் உதவாது. புதிய வகைக்கு அது புரிந்துவிடும், புரியாமல் தடுமாறுவது தமிழ் தெரியாத ஊழியராக இருக்கலாம்.

நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக் கேட்பதுதான் பலன் தருகிறது. அவர்கள் எந்தப் படமும் அனுப்பாதபோது, “நீங்கள் முதலில் அனுப்பிய படத்தில் இருக்கும் கையெழுத்து யாருடையது?” என்று கேளுங்கள். பழைய வகை ‘புரியவில்லை’ என்று மெனுவைக் காட்டும். புதிய வகை பல சமயம் உங்களோடு ஒத்துப்போய், படத்தில் தெளிவில்லை என்று மன்னிப்புக் கேட்கும். நன்றாகக் கட்டிய ஒன்று மறுக்கலாம், அதனால் ‘இல்லை, அனுப்பினீர்கள்’ என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அப்போது இறங்கி வருவதும் உண்டு. ஆள் ‘நான் எந்தப் படமும் அனுப்பவில்லையே’ என்று குழம்புவார், கொஞ்சம் எரிச்சலும் படுவார். அப்படிச் சொன்னதும், சோதிக்கக் கேட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். நாள் முழுக்கப் புகார் கேட்கிறவர் அவர்.

இந்தச் சோதனை முடியும் வரை ஐசி எண், டிஏசி எதையும் தட்டாதீர்கள். டிஏசி எண்ணை ஆளிடமும் தரக்கூடாது. தெரியாமல் கொடுத்துப் பணம் போயிருந்தால் உடனே தேசிய மோசடி தடுப்பு மையத்தின் 997க்கு அழையுங்கள்.

ஆள்தான் என்று தெரிந்ததும் அதே படத்தை நிஜமாகவே கேளுங்கள். ஒப்படைத்ததற்குச் சான்றாக டிரைவர் பார்சலை எடுத்த படம் பல நிறுவனங்களின் பதிவில் இருக்கும். அதை அனுப்ப அனுமதியில்லை என்றால், பின்னால் என்ன தெரிகிறது என்று சொல்லச் சொல்லுங்கள்: கதவின் நிறம், பெஞ்சு, பக்கத்தில் அடுக்கியிருக்கும் மற்ற பார்சல்கள். ‘நீலக் கதவு, மேலே அறிவிப்புப் பலகை’ என்று அவர் சொன்னால், அது தோட்ட ஆபீஸா கடையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.