கிம்பலா, ஷோல்டர் ரிக்கா, சாஃப்ட்வேரா? ஒரே வாக்கிங் ஷாட்ல வெச்சு பாப்போம்

ஒருத்தர் நீளமான காரிடார்ல நடந்து போறாரு, நாம கேமராவோட பின்னாடியே போறோம், செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. நடக்கும்போது கேமரா குலுங்கறதை அடக்க, இந்த ஒரு ஷாட்டை மூணு விதமா எடுத்தா எது எங்க சொதப்பும்னு தெளிவா தெரிஞ்சிடும்.

முதல்ல சாஃப்ட்வேர், ஏன்னா நிறைய பேர் ஏமாறது இங்கதான். கையில பிடிச்சு எடுத்துட்டு எடிட்டிங்ல சரி பண்ணிக்கலாம்னு நினைப்போம். ஃப்ரேம் ஆடறதை சாஃப்ட்வேர் நிறுத்திடும், ஆனா ஒவ்வொரு காலடி விழும்போதும் அந்த 1/50 செகண்டுக்குள்ள கேமரா குலுங்கினதால வந்த மங்கல் ஃப்ரேம்லயே பதிஞ்சிருக்கும், அதை எடுக்க முடியாது. அதனால படம் அசையாம நிக்குது, ஆனா அடிக்கு ஒரு தடவை மங்கி மங்கி தெளியுது, பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். இதுக்கு ஷட்டரை 1/200க்கு ஏத்தணும், அப்போ வெளிச்சம் ரெண்டு ஸ்டாப் குறையும், ஐஎஸ்ஓ 800ல இருந்தா 3200க்கு போகணும். வெயில்ல பிரச்சனையே இல்ல, இருட்டு காரிடார்ல நாய்ஸ் ஏறிடும். ஓரங்கள்ல க்ராப்பும் ஆகும், அதனால கொஞ்சம் வைடா எடுத்து வைங்க. கேமரா எப்படி திரும்புச்சுன்னு பதிவாகற கைரோ டேட்டா வெச்சு சரி பண்றதா இருந்தா கேமரா உள்ள இருக்கற ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணிடுறது நல்லது, இல்லன்னா சென்சார் ஒரு பக்கம் நகர, கைரோ வேற கணக்கு சொல்லும்.

மோட்டார் வெச்சு கேமராவை நேரா பிடிக்கற கிம்பல்ல இந்த மங்கல் தொல்லை கிட்டத்தட்ட இல்ல, ஷாட் எடுக்கும்போதே குலுக்கல் அடங்கிடுதே, 1/50லயே எடுக்கலாம். ஆனா அதோட மூணு மோட்டாரும் திருப்பத்தை மட்டும்தான் சரி பண்ணும், நாம நடக்கும்போது கேமரா மேலயும் கீழயும் ஏறி இறங்கறதை அது தொடாது. தூரத்துல இருக்கற சுவர்ல அது தெரியாது, பக்கத்துல ஒரு தூண் கடந்து போகும்போது அது ஏறி இறங்கறது அப்பட்டமா தெரியும். முழங்காலை லேசா மடக்கி, குதிகால் முதல்ல வெச்சு நடந்து பழகணும், வேற வழியில்ல. பேலன்ஸையும் செக் பண்ணுங்க, மோட்டார் ஆஃப்ல இருக்கும்போது கேமராவை எந்தப் பக்கம் சாய்ச்சு விட்டாலும் அங்கயே நிக்கணும், தானா விழுந்தா மோட்டார் முழு நேரமும் அதை தாங்கிட்டு பேட்டரியை தின்னும். லென்ஸ் மாத்தினா திரும்ப முதல்ல இருந்து.

ஷோல்டர் ரிக் நடையை மறைக்காது. அதோட எடை, கை நடுக்கத்துல வர்ற பொடி அதிர்வை மட்டும் அடக்கும், நடக்கற அசைவு நிதானமா, ஒரு மனுஷன் பின்னாடி போற மாதிரியே இருக்கும். பதட்டமான காட்சிக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், கிம்பலோட மிதப்பு அங்க ஒட்டவே ஒட்டாது. ஒரே விஷயம், முன்பக்கம் கனமா இருந்தா கொஞ்ச நேரத்துலயே கை கடுக்கும், நடுக்கம் திரும்ப வந்துடும். பேட்டரியை பின்னாடி மாட்டுங்க, ரெண்டு கையையும் ஒரு நொடி எடுத்தாலும் தோள்லயே உக்காரணும்.

அந்த காரிடார் இருட்டா இருந்தா நான் சாஃப்ட்வேரை நம்பி போக மாட்டேன். ஆள் அமைதியா நடந்தா கிம்பல், யாருக்கோ பயந்து வேகமா போறாருன்னா ரிக்.